புகை எங்கே போகிறது?

(தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு, சென்னைப் புறநகர்ப் பள்ளி ஒன்றின் காலை வணக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பட்டாசு வெடிக்காதீர்கள், சருகைக் கொளுத்தாதீர்கள்" என்று சொல்வதற்காகத்தான் என்னை அழைத்திருக்கிறார்கள். அதை மட்டும் சொல்வதென்றால் அரை நிமிடம் போதும். சுவரில் எழுதி வைத்தாலும் போதும். ஆனால் காரணம் தெரியாமல் கேட்டுக்கொள்ளும் புத்திமதி தீபாவளிக் காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போதே கழன்று ஓடிவிடும். அதனால் நான் காரணத்தைத்தான் பேசப்போகிறேன். நான் காற்றை அளக்கும் வேலையில் இருந்தவன். எனக்குத் தெரிந்ததும் அது ஒன்றுதான்.

ஒரு கேள்வியிலிருந்து தொடங்குவோம். கொளுத்திய சரம் வெடித்து முடிந்துவிட்டது. தெருவில் சிவப்புக் காகிதக் குப்பை கிடக்கிறது. மேலே கொஞ்ச நேரம் வெள்ளையாக ஏதோ மிதந்தது, பிறகு காணோம். அந்தப் புகை எங்கே போனது?

"காத்துல கரைஞ்சு போச்சு சார்" என்று முன்வரிசையில் ஒரு தம்பி சொல்கிறார். எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறோம். சர்க்கரை தண்ணீரில் கரைவதுபோலப் புகை காற்றில் கரைவதில்லை. பரவுகிறது, அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பரவிய பிறகும் அது அங்கேயேதான் இருக்கிறது.

பட்டாசுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தால் இது புரியும். பழைய கறுப்பு வெடிமருந்தின் கணக்கு ஏறக்குறைய நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு மரக்கரி, 10 பங்கு கந்தகம். வெடியுப்பு என்பது உங்கள் வேதியியல் புத்தகத்தில் வரும் பொட்டாசியம் நைட்ரேட். இந்த மருந்து எரிந்தபின் முழுவதும் வாயுவாக மாறிவிடுவதில்லை. எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சுகிறது. பொட்டாசியத்தின் கார்பனேட், சல்பேட் போன்ற உப்புகள் அவை. நாம் பார்க்கும் வெள்ளைப் புகை அந்த உப்புத் தூள்தான். பளிச்சென்று வெடிக்கும் வெடிகளில் அலுமினியத் தூள் சேர்க்கிறார்கள். அது எரிந்து அலுமினியம் ஆக்சைடு ஆகிறது, அதுவும் திடப்பொருள்தான். சிவப்பு ஒளி வேண்டுமானால் ஸ்ட்ரான்சியம், பச்சைக்குப் பேரியம், நீலத்துக்குச் செம்பு. வானத்தில் வண்ணம் அணைந்த பிறகும் உலோகம் அணைவதில்லை. அது தூளாகக் கீழே வந்துகொண்டிருக்கிறது.

எவ்வளவு வேகமாகக் கீழே வருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மூன்றாவது மாடி உயரம், அதாவது பத்து மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்று அசையாமல் நிற்கிறது. பத்து மைக்ரோமீட்டர் அகலமுள்ள ஒரு தூசி அந்த உயரத்திலிருந்து தரைக்கு வர ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். மைக்ரோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு. உங்கள் தலைமுடி ஐம்பது முதல் எழுபது மைக்ரோமீட்டர் தடிமன் இருக்கும். இரண்டரை மைக்ரோமீட்டர் துகளுக்கு அதே பத்து மீட்டரைக் கடக்கப் பதினான்கு, பதினைந்து மணி நேரம். ஒரு மைக்ரோமீட்டர் துகளுக்கு மூன்று நாளுக்கு மேல். புகையில் இருப்பவற்றில் பெரும்பகுதி ஒரு மைக்ரோமீட்டருக்கும் சிறியவை. அதாவது, அவை தாமாகக் கீழே இறங்கும் என்று காத்திருப்பதில் அர்த்தமே இல்லை. காற்று அடித்துக்கொண்டு போகவேண்டும், அல்லது நல்ல மழை பெய்யவேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் அவை இறங்குவதற்கு மிச்சமிருக்கும் இடங்களில் ஒன்று உங்கள் நுரையீரல்.

பெரிய தூசியை மூக்கு பிடித்துவிடும். மூக்கு முடி, சளிச் சவ்வு, தொண்டையில் ஒரு வளைவு என்று வழியில் காவல் பலமாக இருக்கிறது. செம்மண் சாலையில் பஸ் போனபின் மூக்கைச் சிந்தினால் சிவப்பாக வருகிறதே, அது காவல் வேலை செய்ததற்கு அடையாளம். இரண்டரை மைக்ரோமீட்டருக்குக் கீழே உள்ளவை அந்தக் காவலைத் தாண்டிக் காற்று நுண்ணறைகள் வரை போய்விடுகின்றன. மிக நுண்ணியவற்றில் ஒரு பகுதி அங்கிருந்து இரத்தத்துக்கும் போகும். இதனால்தான் காற்றை அளப்பவர்கள் இந்த அளவுத் துகளை மட்டும் தனியாகப் பிரித்து, பி.எம். 2.5 என்று பெயர் வைத்து எண்ணுகிறார்கள். இந்தியாவின் வரம்பு, ஒரு நாள் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் திருத்திச் சொன்ன வழிகாட்டு அளவு 15. இந்த 60 என்ற எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற எண்களை மறந்துவிட்டாலும் பரவாயில்லை.

இதோ என் கையில் இருப்பது வடிதாள். நான்கரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான அகலம், வட்டமாக, பால் வெள்ளையாக இருக்கிறது. பின்வரிசைக்காரர்களுக்குத் தெரியாது, பிறகு வந்து பாருங்கள். இதை ஒரு கருவிக்குள் வைத்து நிமிடத்துக்கு ஏறக்குறைய 16.7 லிட்டர் காற்றை இதன் வழியாக இழுப்போம். ஒரு நாளைக்கு 24 கன மீட்டர் ஆகும். வைப்பதற்கு முன் ஒரு முறை எடை, எடுத்தபின் ஒரு முறை எடை. கூடியிருக்கும் எடைதான் அன்றைய துகள். சாதாரண நாளில் ஒரு மில்லிகிராம்கூட ஏறாது. மைக்ரோகிராம் வரை காட்டும் தராசு இல்லாமல் அதைக் கண்டுபிடிக்க முடியாது. தீபாவளிக்கு மறுநாள் எடுத்த தாளுக்குத் தராசே வேண்டாம். நடுவில் கருஞ்சாம்பல் வட்டம் விழுந்திருக்கும். உங்கள் வயதுப் பிள்ளை ஒருவர் ஒரு நாளில் மூச்சிழுக்கும் காற்று இந்தக் கருவி இழுப்பதில் ஏறக்குறைய பாதி. கருவிக்கு நாங்கள் தினமும் புதுத் தாள் மாற்றுகிறோம்.

இப்போது உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்லவேண்டும். "நாங்க வெடி வெடிக்கிறதில்லை சார், மத்தாப்பு மட்டும்தான்" என்று பல பிள்ளைகள் நல்ல பெயர் வாங்கப் பார்க்கிறார்கள். வீட்டிலும் சின்னக் குழந்தைக்கு வெடி கொடுக்கமாட்டார்கள், பாம்பு மாத்திரை கொடுப்பார்கள். சத்தம் இல்லை, கையைச் சுடாது, பாதுகாப்பானது என்று எண்ணம்.

புனேயில் உள்ள மார்பு நோய் ஆராய்ச்சி அறக்கட்டளை, அங்குள்ள பல்கலைக்கழக மாணவர்களோடு சேர்ந்து 2016இல் ஒரு வேலை செய்தது. வீட்டுப் பட்டாசுகளை ஒவ்வொன்றாகக் கொளுத்தி, கொளுத்துகிறவர் நிற்கும் தூரத்தில் பி.எம். 2.5 எவ்வளவு ஏறுகிறது என்று அளந்தார்கள். புஸ்வாணம் உச்சத்தில் 4,860 மைக்ரோகிராம். சங்கு சக்கரம் 9,490. கம்பி மத்தாப்பு 10,390. சாட்டை 28,950. ஆயிரம் வாலா 38,540. எல்லாவற்றுக்கும் மேலே பாம்பு மாத்திரை, 64,500. நம் வரம்பு 60 என்பதை மறந்திருக்கமாட்டீர்கள்.

இது உச்ச அளவு, சில விநாடி நிற்பது. 60 என்பதோ ஒரு நாள் சராசரி. இரண்டையும் நேருக்கு நேர் வைத்து ஆயிரம் மடங்கு விஷம் என்று மேடையில் முழங்குவது நேர்மையில்லை. பாம்பு மாத்திரை எரிவதே ஒன்பது விநாடிதான். ஆனால் அந்த ஒன்பது விநாடியில் குழந்தை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கறுப்பு மாத்திரையைத் தரையில் வைத்துப் பற்றவைத்ததும் மஞ்சளும் கறுப்புமாகப் புகை கக்கி, சாம்பல் சுருண்டு சுருண்டு வளரும். அது எவ்வளவு நீளம் வளர்கிறது என்று பார்க்க நான்கைந்து பிள்ளைகள் சுற்றிக் குந்தி உட்கார்ந்து, முகத்தைக் குனிந்து கிட்டே கொண்டுபோவார்கள். ஒன்று முடிந்ததும் அடுத்தது. ஒரு பெட்டியில் பத்து இருக்கும். மத்தாப்பும் அப்படித்தான். அணுகுண்டைப் பற்றவைத்தவர் ஓடிவிடுகிறார். மத்தாப்பைப் பிடித்தவர் ஓட முடியாது, அது அவர் கையிலேயே இருக்கிறது. ஆறு வயதுக் குழந்தையின் கை நீளம் அரை மீட்டர்கூட இருக்காது. சத்தத்தை வைத்துப் புகையை எடை போடக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான அளவீடு எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது நேரம். வடக்கே தீபாவளி இரவுப் பண்டிகை, நமக்கு விடியற்காலை. நாலரை மணிக்கு எழுந்து, எண்ணெய் தேய்த்துக் குளித்து, தெருவிலேயே முதல் சரம் நம்முடையதாக இருக்கவேண்டும் என்று ஓடுவோம். அதில் ஒரு தனி ஆனந்தம் இருக்கிறது, இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் காற்றின் கணக்கில் அதைவிடக் கெட்ட நேரம் ஒரு நாளில் கிடையாது.

பகலில் வெயில் தரையைச் சுடுகிறது. தரையை ஒட்டிய காற்று சூடேறி மேலே எழும்புகிறது, மேலே இருக்கும் காற்று கீழே வருகிறது. இந்தக் கலக்கம் ஒரு கிலோமீட்டர் உயரத்துக்கும் போகும். நாம் விடும் புகைக்கு அவ்வளவு இடம் கிடைக்கிறது. இரவில் தரை குளிர்கிறது, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துப்போகிறது. அதற்கு மேலே சற்று வெதுவெதுப்பான காற்று உட்கார்ந்துகொள்கிறது. கனமானது கீழே, லேசானது மேலே. எதுவும் எழும்பாது. இட்லிப் பானைக்கு மூடி போட்டதுபோல ஊர் முழுவதும் மூடிபோட்டுக் கிடக்கும். காற்று வீசாமல், வானம் தெளிவாக இருந்தால் இந்த மூடி விடியற்காலையில் மிகத் தாழ்வாக இறங்கியிருக்கும். சில நாள் நூறு மீட்டர்கூட இருக்காது. நாம் சரம் கொளுத்துவது அந்த மூடிக்குக் கீழே. சூரியன் ஏறி எட்டரை, ஒன்பது மணி ஆனால்தான் மூடி திறக்கத் தொடங்கும். ஐப்பசி மழையும் கடல் காற்றும் பல தீபாவளிகளில் சென்னையைக் காப்பாற்றியிருக்கின்றன. மழை பெய்தால் நாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறோம், நுரையீரல் மட்டும் நன்றி சொல்கிறது.

2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசு பற்றி ஒரு தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கு தொடங்கியது 2015இல். தில்லியில் பேசக்கூடத் தெரியாத மூன்று கைக்குழந்தைகளின் பெயரில் அவர்களுடைய அப்பாக்கள் போட்ட வழக்கு அது. தீர்ப்பில் இரவு எட்டு முதல் பத்து வரைதான் வெடிக்கலாம் என்றார்கள். நமக்கு விடியற்காலைப் பண்டிகை என்று தமிழக அரசு எடுத்துச் சொன்னது. மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கு மிகாமல் நேரத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. அதன்படி காலை ஆறு முதல் ஏழு, மாலை ஏழு முதல் எட்டு என்று நமக்கு நேரம் வந்தது. வழக்கத்தை மதித்த ஏற்பாடு அது, குறை சொல்லமாட்டேன். ஆனால் வானிலை தெரிந்தவர் தேர்ந்தெடுத்த நேரம் அல்ல. காற்றை மட்டும் பார்த்தால் மத்தியானம் இரண்டு மணிதான் உத்தமம். மொட்டை வெயிலில் மத்தாப்பு பிடிக்க யார் வருவார்கள்?

அதே தீர்ப்பில் சரவெடிக்குத் தடை, பேரியம் உப்புக்குத் தடை, பசுமைப் பட்டாசு மட்டுமே தயாரிக்கவேண்டும் என்ற கட்டளை எல்லாம் உண்டு. பசுமைப் பட்டாசு என்ற பெயரைக் கேட்டுப் புகையே வராது என்று நினைத்துவிடாதீர்கள். நாக்பூரில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய அந்த வகை, துகளைக் குறைந்தது 30 சதவீதம் குறைக்கவேண்டும் என்பதுதான் இலக்கணம். மிச்சம் 70 எங்கே போகும் என்பதை நீங்களே சொல்லலாம்.

மறுநாள் செய்தியில் "காற்றின் தரம் திருப்திகரம்" என்று வந்தால் என்ன செய்வது? உங்கள் அப்பா அந்தப் பேப்பரைக் காட்டி, "பாத்தியா, ஒண்ணும் ஆகலை" என்பார். அப்போது ஒரு சின்னக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். விடியற்காலை ஒரு மணி நேரம் உங்கள் தெருவில் 600 மைக்ரோகிராம் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். மீதி 23 மணி நேரமும் நல்ல காற்று, 30தான். 23ஐ 30ஆல் பெருக்கினால் 690. அதோடு 600 சேர்த்தால் 1,290. 24ஆல் வகுத்தால் 54 வரவில்லை. வரம்பு 60. ஆக, அந்த நாள் முழுக்க வரம்புக்குள் இருந்ததாகக் கணக்கு முடிந்துவிடும். கருவி பொய் சொல்லவில்லை, அதனிடம் ஒரு நாளின் சராசரியைத்தான் கேட்டோம். ஆனால் அந்த ஒரு மணி நேரம் தெருவில் நின்றவர் சராசரியை மூச்சிழுக்கவில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் ஆலந்தூர், மணலி, வேளச்சேரி போன்ற நிலையங்களின் அளவுகளைப் பார்க்கலாம். தீபாவளியன்று மணிக்கொரு தரம் பார்த்து எழுதி வையுங்கள். உச்சி எங்கே ஏறி எப்போது இறங்குகிறது என்று அப்போதுதான் தெரியும்.

உங்கள் வகுப்பில் பையில் இன்ஹேலர் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இருப்பார். கந்தகம் எரிந்து வரும் சல்பர் டை ஆக்சைடு ஆஸ்துமாக்காரர்களின் மூச்சுக் குழாயைச் சில நிமிடங்களில் சுருக்கிவிடும். குழாயின் ஆரம் பாதியானால் காற்றுப் போவதற்கான தடை இரண்டு மடங்கு ஆவதில்லை, பதினாறு மடங்கு ஆகிறது. இயற்பியல் ஆசிரியரைக் கேட்டால் ஏன் என்று சொல்வார். குழந்தைகளின் குழாய் முதலிலேயே ஒடுக்கம். கைக்குட்டையைக் கட்டிக்கொண்டால் நெடி குறைந்ததுபோலத் தோன்றும். இந்த அளவுத் துகளைக் கைக்குட்டை தடுக்காது. அந்த நண்பருக்குத் தீபாவளி என்றால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்காரும் நாள்.

"சிவகாசிக்காரங்க பொழப்பு என்ன ஆகும்?" என்று போன வாரம் வேறொரு பள்ளியில் ஒரு மாணவி கேட்டார். நல்ல கேள்வி. நாட்டின் பட்டாசில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது, லட்சக்கணக்கான குடும்பங்கள் அதை நம்பி இருக்கின்றன. அவர்களுக்கு மாற்று வழி காட்டவேண்டியது அரசும் தொழில் நடத்துகிறவர்களும். தீப்பெட்டி, அச்சு, காலண்டர் என்று அந்த ஊருக்கு வேறு கைத்திறனும் உண்டு. அதே நேரத்தில், அந்த மருந்தைக் கையால் அடைப்பவர்களும், வெடிவிபத்தில் கருகுபவர்களும் அந்தக் குடும்பங்கள்தான் என்பதையும் சேர்த்து யோசிக்கவேண்டும். உங்கள் நுரையீரலைக் கொடுத்து அந்தப் பிரச்சினையைத் தீர்க்க முடியாது.

வெடிக்காமல் பண்டிகை கொண்டாட முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்கள் சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியைக் கேட்கலாம். வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கிராமம். கண்மாய் மரங்களில் கூடு கட்டும் பறவைகள் மிரண்டுவிடும் என்று அங்கே பல பத்தாண்டுகளாகப் பட்டாசு வெடிப்பதில்லை. சத்தத்துக்குப் பயந்துதான் நிறுத்தினார்கள், புகைக்கு அல்ல. ஆனாலும் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வந்த லாபம் லாபம்தானே.

சரி, பட்டாசு வருடத்துக்கு ஒரு முறை. சருகு?

உங்கள் பள்ளி மதிலோரம் நாட்டு வாதாம், வேம்பு, தூங்குமூஞ்சி மரமெல்லாம் நிற்கின்றன. தினமும் காலையில் பெருக்கிக் குவித்து, ஒரு தீக்குச்சி. உங்கள் பள்ளியில் மட்டுமல்ல. தெருமுனை, பூங்கா, கோயில் நந்தவனம், காலி மனை, எங்கேயும் இதேதான். மரம் கொடுத்த இலைதானே, இயற்கையானதுதானே, அதில் என்ன கெடுதல் என்று பெரியவர்களே கேட்கிறார்கள்.

இலை எரிவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். மேலே இருக்கும் காய்ந்த இலை நிமிடத்தில் சுடர்விட்டு எரிந்துவிடும். அடியில் பனி ஈரத்தோடு அழுத்திக் கிடப்பதற்குக் காற்றுப் போகாது. அது சுடர் விடாமல் கனன்றுகொண்டே கிடக்கும். வெள்ளையாக, கனமாக, தரையோடு தவழும் புகை அங்கிருந்துதான் வருகிறது. கண்ணைக் கரிக்கும், தொண்டை கமறும். நன்றாக எரிந்தால் பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடும் நீராவியுமாகப் போயிருக்கும். அரைகுறையாகக் கனல்வதால் கார்பன் மோனாக்சைடும், எரியாத தாரும், பென்சோபைரீன் போன்ற புற்றுநோய் உண்டாக்கும் சேர்மங்களும் வருகின்றன. காலையில் பற்றவைத்த குவியல் பள்ளிவிடும் நேரத்திலும் புகைவதைப் பார்த்திருப்பீர்கள். கூட்டும்போது இலையோடு பிஸ்கெட் உறையும், பால் கவரும், கிழிந்த பிளெக்ஸ் துண்டும் சேர்ந்துவிடும். பிளெக்ஸில் இருப்பது பி.வி.சி.; அதில் குளோரின் உண்டு. அது கனன்றால் டையாக்சின் வரை உருவாகும்.

எவ்வளவு புகை என்று ஒரு கணக்கு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கையேடு ஒரு டன் இலையை எரித்தால் 19 கிலோ அளவுக்குத் துகள் வரும் என்கிறது. இலைக்கு இலை, ஈரத்துக்கு ஈரம் இது மாறும். நாம் தாராளமாகப் பாதியாகக் குறைத்துக்கொள்வோம். ஒரு கிலோ சருகுக்குப் பத்து கிராம். பத்து கிராம் என்றால் ஒரு கோடி மைக்ரோகிராம். அதை ஒரு கன மீட்டருக்கு 60 என்று பங்கிட்டால், ஏறக்குறைய 1,67,000 கன மீட்டர் காற்று வேண்டும். நீங்கள் உட்கார்ந்திருக்கும் இந்த மைதானம் நூறு மீட்டர் நீளம், எண்பது மீட்டர் அகலம் இருக்கும். உயரமான தென்னை மரம் அளவுக்கு, இருபது மீட்டர் வரை, இதன் மேல் இருக்கும் காற்று முழுவதையும் சேர்த்தால் 1,60,000 கன மீட்டர். ஒரு கூடைச் சருகு, ஒரே ஒரு கிலோ, இந்த மைதானம் முழுவதையும் தென்னை உயரத்துக்கு வரம்பு வரை நிரப்பப் போதும். அதுவும் அந்தக் காற்று முன்பு துளி மாசும் இல்லாமல் இருந்திருந்தால். காற்று வீசினால் அடித்துக்கொண்டு போய்விடும், உண்மைதான்; மதிலுக்கு அந்தப்பக்கம் குடியிருப்பு இருக்கிறது.

இலையைக் கொளுத்துபவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கூட்டுகிற அம்மாவுக்கு வேறு வழி காட்டாமல் "எரிக்காதே" என்றால் அவர் அந்த இலையை எங்கே கொண்டுபோவார்? எல்லோரையும்விட அதிகமாக அந்தப் புகையைக் குடிப்பவரும் அவர்தான். திறந்த வெளியில் குப்பை எரித்தால் ஐயாயிரம் ரூபாய், பெருமளவில் எரித்தால் இருபத்தைந்தாயிரம் ரூபாய் அபராதம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே உத்தரவு போட்டுவிட்டது. ஊர் ஊராகக் குவியல் இன்னும் புகைகிறது. ஏன் என்று கேட்டால், புகைக்குக் கொசு ஓடும் என்பார்கள். புகை இருக்கும் வரை ஓடும், பிறகு வந்துவிடும். தேங்கிய தண்ணீரை அப்படியே விட்டுவிட்டு இலையைக் கொளுத்திப் பயனில்லை. போகிக்கும் இதே கதைதான். கோரைப் பாயும் துடைப்பமும் எரித்த காலம் போய் டயரும் பிளாஸ்டிக்கும் வந்தன. 2018 போகியன்று சென்னையில் புகையும் பனியும் கலந்து ஓடுதளம் தெரியாமல், விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திரும்பின.

எரிக்காத இலையை என்ன செய்வது? மரத்தடியிலேயே நான்கு விரல் கனத்துக்குப் பரப்பிவிடலாம். விவசாயிகள் மூடாக்கு என்பார்கள், மண் காயாது. மிச்சத்துக்கு ஒரு குழி. ஒரு மீட்டர் நீளம், அகலம், ஆழம் போதும். பிளாஸ்டிக்கைப் பொறுக்கி எடுத்துவிட்டு அரை அடிக்குச் சருகு, அதன்மேல் சாணக் கரைசல், மேலே ஒரு கை மண். இப்படியே அடுக்கு அடுக்காக. சாணம் எதற்கென்றால் காய்ந்த இலையில் கரிமம் அதிகம், தழைச்சத்துக் குறைவு. நுண்ணுயிர்கள் தின்று வளர இரண்டும் வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒரு தரம் கிளறுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் கை நனையவேண்டும், தண்ணீர் ஒழுகக்கூடாது. உள்ளே கைவிட்டால் வெதுவெதுப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. சில்லென்று கிடந்தால் சாணமோ தண்ணீரோ போதவில்லை. நாற்றம் அடித்தால் தண்ணீர் கூடிப்போயிற்று. காய்ந்த இலை சேர்த்துக் கிளறவேண்டும். வேப்பிலையும் தூங்குமூஞ்சி இலையும் சீக்கிரம் மக்கும். வாதாம் இலை தோல்போலத் தடிப்பாக இருப்பதால் கிழித்துப் போட்டால் நல்லது. மூன்று, நான்கு மாதத்தில் கறுப்பாக, உதிரியாக, மழை பெய்த மண் வாசனையோடு உரம் கிடைக்கும். மழைக்காலத்தில் குழியில் தண்ணீர் நிற்கும் என்பதால் மேட்டில் வெட்டவேண்டும், அல்லது செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கித் தரைக்கு மேலேயே தொட்டி கட்டவேண்டும்.

சைக்கிள் நிறுத்தும் இடத்துக்குப் பின்னால் மேடான ஓர் இடத்தைத் தலைமையாசிரியர் அம்மா இதற்கென்று ஒதுக்கித் தந்திருக்கிறார். செங்கல் வந்துவிட்டது. சாணம் திங்கட்கிழமை காலை வருகிறது. எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அன்று அரைமணி முன்னதாக வந்துவிடுங்கள். இலை கூட்டுகிற அம்மாவிடம் நானே பேசிவிட்டேன், தீப்பெட்டியை இனி எடுத்து வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். மண்வெட்டி இரண்டுதான் இருக்கிறது. வீட்டில் இருப்பவர்கள் எடுத்து வாருங்கள்.